கதவுக்கு வெளியே காத்திருப்போருக்கு: பேறுகால வலிப்பும் மெக்னீசியம் ஊசியும்

பிரசவப் பிரிவின் கதவு மூடப்பட்டு, உள்ளே செவிலியர் விரைந்து நடக்கும் ஓசை மட்டும் கேட்கும்போது, வெளியே பெஞ்சில் அமர்ந்திருப்போர் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. "வலிப்பு நின்றுவிட்டதே, பிறகும் ஏன் ஊசி போடுகிறீர்கள்?" "உடனே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிட்டால் என்ன?" "முட்டியில் சுத்தியால் தட்டுகிறார்களாமே, எதற்கு?" அந்த நேரத்தில் நின்று விளக்கமாக விடை சொல்ல எங்களுக்கு இயலுவதில்லை. அரை நிமிடத்தில் எதையோ சொல்லிவிட்டு உள்ளே சென்றுவிடுகிறோம். அந்த விடையை இங்கே பொறுமையாகச் சொல்ல விரும்புகிறோம்.

திருப்பருத்திக்குன்றத்து நெசவாளர் குடும்பம் ஒன்றின் ஓரிரவை எடுத்துக்கொள்வோம். இது தனியொருவரின் கதையன்று. ஆண்டுதோறும் நாங்கள் காணும் பல நிகழ்வுகளைச் சேர்த்து, அடையாளங்களை நீக்கி, ஒன்றாக்கிச் சொல்வதாகும்.

அந்தப் பெண்ணுக்கு வயது 24. தலைப்பிரசவம், 35ஆம் வாரம். வேகவதி ஆற்றுக்கு அப்பால், சமணர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் புகுந்த வீடு. கணவரும் மாமனாரும் குழித்தறியில் பட்டு நெய்பவர்கள். இவர் வீட்டிலிருந்தே தார் சுற்றிக் கொடுப்பவர். இரண்டு வாரங்களாகக் கால் வீங்கியிருந்தது. நாள் முழுதும் உட்கார்ந்து வேலை செய்தால் கால் வீங்கத்தானே செய்யும் என்று எல்லோரும் எண்ணினார்கள். நெசவாளர் வீடுகளில் இந்த எண்ணம் இயல்பானது. குழியில் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிக்கும் ஆண்களுக்கும் மாலையில் கால் கனத்துப்போகும். ஆனால் இவருக்கு முகமும் கைவிரல்களும் வீங்கியிருந்தன, மோதிரம் கழலவில்லை. அன்று காலையிலிருந்து நெற்றியில் விடாத தலைவலி. மதியத்துக்குப் பின், நூலின் இழை இரண்டாகத் தெரிகிறது என்றார். மாலையில் நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி. அது வாயுத் தொல்லை என்று சுக்குக் கஷாயம் கொடுக்கப்பட்டது. இரவு எட்டு மணிக்குக் கண்கள் மேலே சொருகி, தாடை இறுகி, கைகால்கள் உதறத் தொடங்கின.

வீட்டில் இருந்தவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஒருவர் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார். ஒருவர் பற்களுக்கிடையே கரண்டியை நுழைக்க முயன்றார். இரண்டுபேர் கைகால்களை அழுத்திப் பிடித்தனர். வலிப்பு ஒன்றரை நிமிடத்தில் தானாகவே அடங்கியது. இரும்பால்தான் அடங்கியது என்று அந்த வீட்டார் இன்றும் நம்பக்கூடும். பேறுகால வலிப்பு பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை நிமிடத்துக்குள் தானே ஓய்ந்துவிடும் என்பதுதான் உண்மை. சாவியால் தீமை எதுவும் இல்லை, கரண்டியால் உண்டு. பல் உடையும், நாக்கு கிழியும், உடைந்த துண்டு மூச்சுக்குழலில் இறங்கும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: வாய்நீரும் வாந்தியும் வெளியே வழிந்துவிடும்படி அவரை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, அருகில் இருக்கும் தறிக்கட்டை, அடுப்பு போன்றவற்றை அகற்றி, 108ஐ அழைப்பது. எத்தனை மணிக்கு வலிப்பு வந்தது என்பதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடைய முதற்கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

இனி, அந்த உடலுக்குள் நிகழ்ந்தது என்னவென்று பார்ப்போம். கருவுற்ற சில பெண்களுக்கு, 20 வாரங்களுக்குப் பின், நச்சுக்கொடி கருப்பையில் வேர்விடும் முறையில் ஏற்படும் குறைபாட்டால், உடல் முழுவதிலும் உள்ள நுண்ணிய இரத்தக்குழாய்களின் உட்சுவர் பாதிக்கப்படுகிறது. குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் ஏறுகிறது. சுவர் கசிவதால் நீர் வெளியேறி வீக்கம் உண்டாகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டி கசிவதால் புரதம் சிறுநீரில் போகிறது. இதனைத்தான் நம் பக்கத்தில் "உப்பு நீர்" என்றும், "யூரினில் உப்பு போகிறது" என்றும் சொல்கிறார்கள். போவது உப்பன்று, புரதம். ஆகையால் சோற்றில் உப்பைக் குறைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று எண்ணுவது பிழை. இந்நிலைக்கு மருத்துவத்தில் பிரீ-எக்லாம்ப்சியா என்று பெயர். அழுத்தம் 160/110க்கு மேல் நிற்பதும், தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி முதலியன சேர்வதும் அது கடுமையான நிலைக்கு வந்துவிட்டதற்கு அடையாளம். அதே பாதிப்பு மூளையின் குழாய்களில் நிகழும்போது மூளை வீங்கி, நரம்பணுக்கள் கட்டுப்பாடின்றித் தூண்டப்பட்டு வலிப்பு வருகிறது. அதுவே எக்லாம்ப்சியா, பேறுகால வலிப்பு. அந்தப் பெண்ணுக்கு முன்பு ஒருபோதும் வலிப்பு வந்ததில்லை. காக்காய் வலிப்பு நோய் வேறு, இது வேறு. "பெண்ணுக்கு வலிப்பு இருந்ததை மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்" என்று காத்திருக்கும் பெஞ்சிலேயே இரு வீட்டாருக்குள் சண்டை மூண்டதையும் நாங்கள் கண்டிருக்கிறோம். அந்தச் சந்தேகத்துக்கு இங்கே இடமில்லை.

இரவு 8.30க்கு அவரை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுசென்றார்கள். அழுத்தம் 170/116. அங்கிருந்த மருத்துவர் 8.40க்கு மெக்னீசியம் சல்பேட்டின் முதல் அளவைச் செலுத்தினார். 4 கிராம் மருந்தை நீர்த்து நரம்பு வழியாக மெதுவாகவும், பின்னர் இரு பிட்டங்களிலும் தலா 5 கிராம் ஆழமான தசை ஊசியாகவும், மொத்தம் 14 கிராம். நம் நாட்டில் இம்மருந்து பெரும்பாலும் 2 மி.லி. குப்பியில் 1 கிராமாக வருகிறது. ஆகவே பதினான்கு குப்பிகளை உடைக்க வேண்டும். ஒரே ஆளுக்கு இவ்வளவு குப்பிகளா என்று பார்த்தவர்கள் திகைப்பதுண்டு. அளவு சரிதான். அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையையும் தந்து, ஆம்புலன்ஸில் எங்களிடம் அனுப்பினார்கள்.

மெக்னீசியம் சல்பேட் என்பது புதுமையான மருந்தன்று. கடைகளில் பேதி உப்பு என்று விற்கப்படுகிறதே, அதே பொருளைத் தூய்மையாக்கிக் கிருமி நீக்கி ஊசிக்கு உரியதாகச் செய்ததுதான். "உப்பு நீர்க்காரிக்கு மறுபடியும் உப்பா?" என்று ஒரு பாட்டி எங்களிடம் கேட்டார். கேள்வி நியாயமானதே. பெயரில்தான் உப்பு, உடலில் அது செய்யும் வேலை வேறு. நரம்பணு தூண்டப்படுவதற்குக் கால்சியம் உள்ளே நுழைய வேண்டும். மெக்னீசியம் அந்த வாயிலில் நின்று தடுக்கிறது. மூளையின் சுருங்கிய குழாய்களையும் ஓரளவு தளர்த்துகிறது. அதன் செயல்முறை முழுவதும் இன்னும் விளங்கிவிடவில்லை. ஆயினும் அடுத்த வலிப்பு வருவதை அது தடுக்கிறது என்பதில் ஐயமில்லை. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தன்று. அதற்கு லேபெட்டலால், நிஃபெடிபின் ஆகியவை தனியே தரப்படுகின்றன. இது தூக்க மருந்துமன்று.

அது தூக்க மருந்தன்று என்பதன் அருமையை அறிய, சென்னை எழும்பூரின் பழைய வரலாற்றைச் சற்றே நினைக்க வேண்டும். 1844இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனைக்கு அந்நாளில் மாகாணத்தின் பல பகுதிகளிலிருந்து பேறுகால வலிப்புடன் பெண்கள் கொண்டுவரப்பட்டனர். வெளிச்சமும் ஓசையும் வலிப்பைத் தூண்டும் என்று கருதி, அவர்களை இருட்டறையில் கிடத்தி, மயக்கத்திலேயே வைத்திருப்பது அக்கால வழக்கம். அங்கே பணிபுரிந்த டாக்டர் எம்.கே. கிருஷ்ண மேனன், குளோர்புரோமசின், புரோமெத்தசின், பெத்திடின் என்னும் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை வகுத்து, 1961இல் அதன் அனுபவத்தை வெளியிட்டார். ஆ. இலட்சுமணசாமி முதலியாருடன் இணைத்து இன்றும் மருத்துவ மாணவர்கள் சொல்லும் "முதலியார்–மேனன்" மகப்பேற்றுப் பாடநூலின் மேனன் இவரே. அந்த முறை இந்திய மருத்துவமனைகளில் பல ஆண்டுகள் கோலோச்சியது. அதற்கு முன்பிருந்த நிலையைவிட அது மேலானதே. ஆயினும் அதில் ஒரு சிக்கல் இருந்தது. தாய் ஆழ்ந்த மயக்கத்தில் கிடந்தார். அவர் மூச்சு மந்தமாயிற்று, பிறந்த குழந்தையும் சோர்ந்திருந்தது. வலிப்பும் திரும்பத் திரும்ப வந்தது. அமெரிக்காவில் பிரிட்சார்டு என்பவர் 1955இல் வகுத்த மெக்னீசியம் முறையில் தாய் விழித்திருந்தார், பேசினார், விழுங்கினார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரப்பட்ட அந்த 14 கிராம், பிரிட்சார்டு முறையின் முதல் அளவே.

எது சிறந்தது என்னும் வழக்கு 1995இல் தீர்ந்தது. இந்தியா உட்பட ஒன்பது நாடுகளில், வலிப்பு வந்த ஏறத்தாழ 1,700 பெண்களிடம் நடந்த ஆய்வில் மெக்னீசியம் ஒருபுறமும், டயஸெபாம், ஃபெனிடாயின் என்ற மற்ற வலிப்பு மருந்துகள் மறுபுறமுமாக ஒப்பிடப்பட்டன. டயஸெபாம் பெற்றவர்களில் 100க்கு 28 பேருக்கு வலிப்பு மீண்டும் வந்தது; அவர்களோடு ஒப்பிடப்பட்ட மெக்னீசியம் பிரிவில் 13 பேருக்கு. ஃபெனிடாயினோடு ஒப்பிட்டபோது 17க்கு 6. பின்னர், வலிப்பு இன்னும் வராத, ஆனால் பிரீ-எக்லாம்ப்சியா உள்ள 10,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் 33 நாடுகளில் நடந்த "மேக்பை" ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. மருந்து பெறாத பாதிப் பேரில் 96 பெண்களுக்கு வலிப்பு வந்தது, பெற்ற பாதியில் 40 பேருக்கு. இந்த எண்களில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது: மருந்து பெற்றவர்களிலும் 40 பேருக்கு வலிப்பு வந்தது. மெக்னீசியம் வலிப்பின் வாய்ப்பைப் பாதிக்கும் கீழே குறைக்கிறது; அடியோடு இல்லாமல் செய்துவிடுவதில்லை.

மீண்டும் அந்த இரவுக்கு வருவோம்.

ஆம்புலன்ஸ் 9.30க்கு எங்கள் வாசலில் நின்றது. அரைமயக்கத்தில் பெண், அழுதபடி மாமியார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுதித் தந்த பரிந்துரைச் சீட்டு மட்டும் வரவில்லை. அது கணவரின் தம்பியின் சட்டைப் பையில், பைக்கில் பின்னால் வந்துகொண்டிருந்தது. "அங்கே ஏதாவது ஊசி போட்டார்களா, அம்மா?" என்று கேட்டோம். "ஏதோ போட்டாங்க சிஸ்டர், என்னன்னு தெரியலை" என்றார் மாமியார். இதுதான் அந்த இரவின் மிக ஆபத்தான பத்து நிமிடம். வலிப்பு வந்த பெண்ணுக்கு முதல் அளவு தரப்படவில்லையென்றால் உடனே தந்தாக வேண்டும். தரப்பட்டிருக்க மறுபடியும் தந்தால் 28 கிராம் ஆகிவிடும். அதனால் மூச்சு நின்றுபோகலாம்.

மேலே சொன்ன பிரிட்சார்டின் குழு 1984இல் 245 வலிப்பு நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டது. அவர்களில் இறந்தவர் ஒரே ஒருவர். அந்த ஒருவரும் நோயினால் இறக்கவில்லை, மெக்னீசியத்தின் அளவு மிகுந்துபோனதால் இறந்தார். இம்மருந்தைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் அதை நினைவில் வைத்திருக்கிறோம்.

அன்று எங்கள் மருத்துவர் முதலில் இரு பிட்டங்களிலும் ஊசி குத்திய தடமும் பஞ்சும் இருப்பதைப் பார்த்தார்; முட்டியைத் தட்டிப் பார்த்தார்; சுகாதார நிலையத்துக்குத் தொலைபேசியில் கேட்டார். அதற்குள் தம்பி வந்து சீட்டைக் கொடுத்தார். "8.40, நரம்பு வழி 4 கிராம், தசை வழி 10 கிராம்" என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. ஆகவே முதல் அளவு மறுபடி தரப்படவில்லை. அடுத்த ஊசி நான்கு மணி நேரம் கழித்து, 12.40க்கு. எங்கிருந்தாவது எங்களிடம் அனுப்பப்பட்டால் அந்தச் சீட்டு நோயாளியோடு அதே வண்டியில் வரவேண்டும். பைக்கில் வருபவரிடமோ, வீட்டுக்குத் துணி எடுக்கப் போனவரிடமோ இருக்கக்கூடாது. கைப்பேசியில் அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

10.10க்கு அவருக்கு இரண்டாவது வலிப்பு வந்தது. கதவுக்கு வெளியே சத்தம் கேட்டது. "மருந்து வேலை செய்யவில்லை, சென்னைக்குக் கொண்டுபோய்விடலாம்" என்று உறவினர் சிலர் வற்புறுத்தினர். அந்நேரத்தில் உள்ளே நடந்தது இது: பக்கவாட்டில் திருப்பி, வாய்நீரை உறிஞ்சி எடுத்து, ஆக்சிஜன் வைத்து, மேலும் 2 கிராம் மெக்னீசியத்தை ஐந்து நிமிடங்களில் நரம்பு வழியே செலுத்தினோம். முதல் அளவுக்குப் பின்னும் ஒரு வலிப்பு வருவது சிலருக்கு நேர்வதுதான்; அதற்கென வகுக்கப்பட்ட கூடுதல் அளவே அந்த 2 கிராம். அதன் பிறகும் வலிப்பு தொடர்ந்திருந்தால், மூளையில் இரத்தக்கசிவு போன்ற வேறு காரணம் உண்டா என்று பார்க்க ஸ்கேன் செய்யவும், மயக்க மருத்துவரின் துணையுடன் மூச்சுக்குழாய் இடவும் நாங்கள் ஆயத்தமாக இருந்தோம். ஓடும் வண்டியில் அவற்றுள் எதையும் செய்ய இயலாது. மூன்றாவது வலிப்பு வரவில்லை.

"உடனே குழந்தையை எடுத்துவிடுங்கள்" என்ற கோரிக்கையும் அப்போதுதான் வந்தது. இதில் நீங்கள் பாதி சரி. இந்நோய்க்கு இறுதியான தீர்வு குழந்தையும் நச்சுக்கொடியும் வெளியேறுவதே. அதனை நாள்கணக்கில் தள்ளிப்போட மாட்டோம். ஆனால் வலிப்பு நின்ற அதே நிமிடத்தில் அறுவை அரங்குக்கு ஓடுவது தாய்க்குத் தீங்கு. வலிப்பின்போது தாயின் மூச்சு தடைப்படுவதால் குழந்தையின் இதயத்துடிப்பு குறையும். தாய்க்கு ஆக்சிஜன் கிடைத்ததும் அது பெரும்பாலும் சில நிமிடங்களில் மீண்டுவிடும். அன்றும் பத்து நிமிடத்தில் மீண்டது. முதலில் தாயின் மூச்சும் அழுத்தமும் நிலைப்பட வேண்டும். இரத்தம் உறையும் தன்மையும் தட்டணுக்களின் எண்ணிக்கையும் தெரியவேண்டும். அதன் பின்னரே எந்த வழியில் பிரசவம் என்பது முடிவாகும். வலிப்பு வந்தாலே அறுவைதான் என்னும் விதி இல்லை. அவருக்கு வலியைத் தூண்டும் மருந்து வைக்கப்பட்டது.

இப்போது அந்தச் சுத்தியலுக்கு வருவோம். மெக்னீசியம் மூளையில் செய்யும் அதே தடுப்பு வேலையை, இரத்தத்தில் அளவு கூடினால், நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்திலும் செய்கிறது. அப்போது தசைகள் தளர்கின்றன. நல்வாய்ப்பாக, இந்தத் தளர்ச்சிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் முட்டியைத் தட்டினால் கால் உதைக்கும் அனிச்சை மறைகிறது. அளவு இன்னும் கூடிய பின்னரே மூச்சுத்தசைகள் சோர்கின்றன. அதற்கும் மேலே சென்றால் இதயம் பாதிக்கப்படுகிறது. ஆகவே கால் உதைக்கும் வரை மூச்சுக்கு ஆபத்து நெருங்கவில்லை என்று துணியலாம். இரத்தத்தில் மெக்னீசியத்தை அளக்கும் சோதனை உண்டு. ஆனால் ஒரு சிறு ரப்பர் சுத்தியல் ஒரு நொடியில் சொல்வதை அது சொல்வதற்குள் நேரம் கடந்துவிடும்.

முட்டியோடு சேர்த்து மேலும் இரண்டைப் பார்க்கிறோம். ஒன்று, மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையாதிருத்தல். மற்றொன்று சிறுநீர். செலுத்தப்பட்ட மெக்னீசியம் முழுவதும் சிறுநீரகத்தின் வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும். சிறுநீர் குறைந்தால் மருந்து உள்ளே தேங்கும். சரியான அளவே மிகை அளவாகிவிடும். இதே நோய் சிறுநீரகத்தையும் தாக்குவதால் இந்த அச்சம் வெறும் எச்சரிக்கையன்று. இதற்காகத்தான் சிறுநீர்க் குழாய் வைத்து, பையில் சேர்வதை மணிக்கணக்கில் அளந்து எழுதுகிறோம். நான்கு மணி நேரத்தில் 100 மி.லி.யாவது வந்திருக்க வேண்டும். ஒரு சிறு டம்ளர் அளவு.

அன்று 9.40க்குக் குழாய் வைக்கப்பட்டது. 12.40க்கு அடுத்த ஊசிக்கான நேரம் வந்தபோது கால் உதைத்தது, மூச்சு 18. ஆனால் மூன்று மணி நேரத்தில் பையில் சேர்ந்தது 60 மி.லி. மட்டுமே. ஊசியைப் போடவில்லை. வெளியே இருந்த கணவருக்கு இது பெருங்குழப்பமாயிற்று. "நான்கு மணிக்கு ஒருமுறை போடவேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், மருந்து இல்லையா? வெளியே வாங்கி வரட்டுமா?" என்று கேட்டார். மருந்து அலமாரியில் இருந்தது. முந்தைய அளவு உடலில் இன்னும் இருந்தது; அது வெளியேறும் வேகம் போதாது. ஆகவே பொறுத்துப் பார்த்தோம். அரை மணிக்கொருமுறை முட்டியைத் தட்டினோம். 1.40க்குப் பையில் 110 மி.லி. ஆயிற்று, அதாவது நான்கு மணி நேரத்துக்கு உரிய அளவு வந்துவிட்டது. 5 கிராம் ஊசி வலப்பக்கம் போடப்பட்டது. அடுத்தது 5.40க்கு இடப்பக்கம். ஊசி தாமதமாவது சில நேரங்களில் கவனக்குறைவன்று, கவனத்தின் விளைவு என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம். தாமதமானால் காரணத்தைத் தயங்காமல் கேளுங்கள். முட்டி, மூச்சு, சிறுநீர் ஆகிய மூன்றில் எது காரணம் என்று சொல்லவேண்டியது எங்கள் கடமை.

மூச்சு குறைந்தால் என்ன செய்வோம்? மெக்னீசியம் கால்சியத்துக்கு வாயிலை அடைப்பது என்று முன்பு சொன்னோம். ஆகவே மாற்று மருந்தும் கால்சியமே. கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி.யை, அதாவது 1 கிராமை, மெதுவாக நரம்பில் செலுத்தினால் விளைவு தணியும். மெக்னீசியம் போடப்படும் ஒவ்வொரு கட்டிலின் அருகிலும் அந்த ஊசி எடுத்து வைக்கப்பட்டிருக்கும். அன்று அது தேவைப்படவில்லை.

உள்ளே செல்ல அனுமதி கிடைக்கும்போது நீங்கள் காண்பது சற்றே அச்சமூட்டலாம். உடம்பெல்லாம் எரிகிறது, தீயில் நிற்பதுபோல இருக்கிறது என்று அவர் சொல்வார். முகம் சிவந்திருக்கும், குமட்டும், தாகம் எடுக்கும், பேச்சு சற்றுக் குழறும். மேக்பை ஆய்விலும் மருந்து பெற்றவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இத்தகைய தொல்லைகள் இருந்தன. இவை ஆபத்தின் அறிகுறிகள் அல்ல. தாகம் என்று கேட்டாலும் எங்களைக் கேட்காமல் தண்ணீரோ இளநீரோ கொடுக்க வேண்டாம். அரைமயக்கத்தில் விழுங்கினால் நுரையீரலுக்குள் போகும். மேலும், கசியும் குழாய்கள் உள்ள இந்நோயில் நீர் மிகுந்தால் நுரையீரலில் தேங்கும். அதனாலேயே குளுக்கோஸ் பாட்டிலையும் மிகக் குறைத்தே ஏற்றுகிறோம். கூப்பிட்டாலும் கண் திறக்கவில்லை, மூச்சு வெகு நேரத்துக்கு ஒருமுறை வருகிறது, கைவிரலை இறுக்கிப் பிடிக்க இயலவில்லை என்று கண்டால் மட்டும் ஒரு நொடியும் தாமதிக்காமல் செவிலியரை அழையுங்கள்.

மறுநாள் முற்பகல் 11.20க்கு இயல்பான பிரசவமாயிற்று. பெண் குழந்தை, எடை 1.9 கிலோ. சற்றுத் துவண்டிருந்தது, அழுகை மெலிந்திருந்தது. தாயின் மெக்னீசியம் குழந்தையையும் சென்றடைவதால் இப்படி நேரலாம். பிறந்த குழந்தைகள் பிரிவில் ஒரு நாள் வைத்துக் கவனித்தோம், தெளிந்தது. குறைமாதம் என்பதே அக்குழந்தைக்குப் பெரிய கவலையாக இருந்தது.

அம்மம்மா இனிப்பு வாங்கிவரச் சொல்லிவிட்டார். ஆனால் தாயை வார்டுக்கு மாற்றவில்லை, ஊசியும் நிற்கவில்லை. குழந்தை பிறந்துவிட்டால் நோயின் வேர் போய்விடுகிறது என்பது மெய். ஆயினும் சுவர் பாதிக்கப்பட்ட குழாய்கள் ஆறுவதற்கு நாட்கள் ஆகும். பிரசவத்துக்குப் பிந்திய முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வருவது அரிதன்று. எனவே பிரசவம், கடைசி வலிப்பு ஆகிய இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 24 மணி நேரம் மெக்னீசியம் தொடரவேண்டும். இவருக்குப் பிரசவமே பிந்தியது. ஆகவே அடுத்த நாள் முற்பகல் 11.20 வரை. சில மருத்துவமனைகளில் தசை ஊசிக்குப் பதிலாக, மணிக்கு 1 கிராம் வீதம் இயந்திரத்தின் மூலம் நரம்பு வழியே சொட்டுச் சொட்டாகச் செலுத்துவார்கள். முறை வேறு, கணக்கு ஒன்றே. தசை ஊசி கடுமையாக வலிக்கும். ஊசி போட்ட இடம் பின்னர் கட்டியாகிச் சிவந்து சூடானால் எங்களிடம் காட்டவேண்டும்.

ஐந்தாம் நாள் அவர் வீடு திரும்பினார். தாய்வீடு ஐயம்பேட்டையில், அங்கே பத்திய உணவும் எண்ணெய்க் குளியலும் காத்திருந்தன. அவற்றுக்கு நாங்கள் தடை சொல்லவில்லை. அழுத்த மாத்திரையைக் குழந்தை பிறந்துவிட்டதே என்று நிறுத்திவிடாதீர்கள் என்று மட்டும் தாயிடமும் அம்மம்மாவிடமும் சொன்னோம். முதல் பத்து நாட்களில் இரண்டு நாளைக்கு ஒருமுறையும், பின்னர் ஆறாவது வாரம் வரை வாரம் ஒருமுறையும் அழுத்தம் பார்க்கவேண்டும். அந்த ஆறு வாரங்களில் விடாத தலைவலியோ, கண் மங்கலோ, நெஞ்சுக்குழி வலியோ வந்தால் தலைக்குப் பற்றுப் போட்டுப் படுக்கவைக்காமல் அன்றே எங்களிடம் கொண்டுவர வேண்டும். அடுத்த முறை கருவுற்றால் மூன்றாம் மாத முடிவுக்குள் எங்களைப் பார்க்கவேண்டும். இத்தகைய பெண்களுக்கு 12ஆம் வாரத்திலிருந்து சிறிய அளவு ஆஸ்பிரின் மாத்திரை தருகிறோம். நோய் மறுபடி வரும் வாய்ப்பை அது குறைக்கிறது. அதைத் தாமாக வாங்கிப் போட்டுக்கொள்வது கூடாது.

புறப்படும்போது கணவரின் தம்பி, தன் பையிலிருந்த அந்தப் பழைய சீட்டை எடுத்து, இது இனி வேண்டுமா என்று கேட்டார். விடுவிப்புச் சுருக்கத்தோடு சேர்த்துத் தாய் சேய் அட்டையில் வைக்கச் சொன்னோம். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அடுத்த பிரசவத்துக்கு வேறு ஊரில், வேறு மருத்துவரிடம் செல்ல நேர்ந்தால் அவர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.